நாமினி வாங்கும் பணம் யாருடையது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பியதும், பீரோவின் உள்ளறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறை வெளியே வரும். பாஸ்புக், வைப்பு நிதி ரசீது, எல்.ஐ.சி. பத்திரம், ரேஷன் கார்டின் பழைய நகல் எல்லாம் அதற்குள் இருக்கும். ரசீதின் அடியில் 'நாமினி' என்று போட்டு ஒரு பெயர். அதுவரை ஒன்றாக அழுதுகொண்டிருந்த வீட்டில், அந்தப் பெயரைப் படித்த பிறகு பேச்சு கொஞ்சம் குறையும்.

கும்பகோணத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவி இருக்கிறார். 84 வயதில் அவருடைய அம்மாவும் இருக்கிறார். ஒரு மகன், திருச்சியில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். ஓய்வின்போது வந்த பணத்தில் 12 லட்சத்தை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டிருந்தார். நாமினி, மகன். ஏன் மகன் என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் கிடையாது. அன்றைக்கு அவரை வண்டியில் உட்காரவைத்து வங்கிக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். கவுண்டரில் இருந்தவர் “யார் பேரைப் போடட்டும்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்றவன் பெயரைச் சொல்லிவிட்டார். நம் ஊரில் பாதி நாமினிகள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

மகள் தயங்கித் தயங்கிக் கேட்கிறாள்: “அண்ணே, அப்பா பணத்தை எப்படிப் பண்ணலாம்னு இருக்கே?” அவன் சொல்வதும் பொய்யில்லை: “அப்பா என் பேரைத்தானேம்மா போட்டிருக்கார். வேணும்னா பேங்க்ல போய்க் கேளு.”

அவள் வங்கியில் போய்க் கேட்டால், மேலாளரும் அதையேதான் சொல்வார். பணம் நாமினிக்குத்தான் போகும். மகன் விண்ணப்பப் படிவத்தையும் இறப்புச் சான்றிதழையும் தன் அடையாளச் சான்றையும் கொடுத்தால் போதும். வாரிசுச் சான்றிதழ் வேண்டாம், தங்கையின் கையெழுத்து வேண்டாம், அம்மாவின் சம்மதம் வேண்டாம். 12 லட்சமும் வட்டியும் அவன் கணக்கில் ஏறிவிடும். வங்கி செய்தது சட்டப்படி சரி.

ஆனால் அந்த 12 லட்சத்தில் அவனுக்குச் சொந்தமானது 3 லட்சம்தான்.

இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியும் என்பதில்தான் எல்லாக் குழப்பமும். வங்கிக்கும் இறந்தவருக்கும் இடையே உள்ள கணக்கு ஒன்று. இறந்தவர் விட்டுப்போனதில் யாருக்கு எவ்வளவு என்பது வேறொன்று. நாமினி என்ற ஏற்பாடு முதல் கணக்கை முடிப்பதற்காக வந்தது. இரண்டாவதில் அது தலையிடுவதே இல்லை.

வங்கியில் நாமினி போடுவது நாம் நினைக்கிற அளவுக்குப் பழைய வழக்கமல்ல. 1983-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, 1985-இல் விதிகளை வகுத்த பிறகுதான் அது நடைமுறைக்கு வந்தது. யாரிடம் பணத்தைக் கொடுத்தால் பிறகு வேறொருவர் வந்து “எனக்கு ஏன் கொடுக்கவில்லை” என்று வழக்குப் போடுவாரோ என்பதுதான் வங்கிகளின் பயம். அதனால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கிவரச் சொல்வார்கள். அடக்கச் செலவுக்கு வாங்கிய கடனை அடைக்கக்கூட வழியில்லாமல் விதவைகள் நீதிமன்றத்துக்கு அலைவார்கள். நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு அத்தோடு முடிந்தது என்று சட்டம் சொன்னது அந்த அலைச்சலுக்கு முடிவு கட்டத்தான்.

அந்தச் சட்டத்தின் 45 இசட்.ஏ. பிரிவைப் படிப்பவருக்கு முதலில் மகன் சொல்வதே சரி என்று தோன்றும். வைப்பாளர் இறந்ததும் அவருடைய எல்லா உரிமைகளும், மற்ற எல்லோரையும் விலக்கி, நாமினிக்கு வந்துசேரும் என்கிற அளவுக்கு அதன் சொற்கள் பலமாக இருக்கின்றன. ஆனால் அதே பிரிவில் கொஞ்சம் கீழே இறங்கினால் ஒரு நிபந்தனை வருகிறது: பணத்தைப் பெற்றுக்கொண்டவர்மீது வேறு எவருக்காவது உரிமை இருந்தால், அந்த உரிமையை இது பாதிக்காது. மேலே திறந்த கதவைக் கீழே சாத்துகிற வரி இது. 2010-இல் ராம் சந்தர் தல்வார் வழக்கில், தந்தையின் கணக்குக்குத் தான் நாமினி என்பதால் பணம் முழுவதும் தனக்கே என்று வந்தவரிடம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். நாமினிக்குக் கிடைப்பது பணத்தை வாங்கும் உரிமை, அவர் அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. இறந்தவரின் சொத்தோடு சேர்ந்த அந்தப் பணம், அவருக்கு எந்த வாரிசுரிமைச் சட்டம் பொருந்துமோ அதன்படிதான் பிரியும்.

இந்த வாதத்துக்கு மூத்த வழக்கு ஒன்று உண்டு. அது வங்கியில் தொடங்கியதல்ல, எல்.ஐ.சி. பாலிசியில் தொடங்கியது. 1967-இல் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார். தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பாலிசிகள், இரண்டிலும் மனைவிதான் நாமினி. வீட்டில் அவருடைய அம்மாவும் மகனும் இருந்தார்கள். அந்த இருவரும் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள், கீழே எல்லா நீதிமன்றங்களிலும் தோற்றார்கள். கடைசியில் 1983-இல், பாலிசிதாரர் இறந்து பதினாறு ஆண்டுகள் கழித்து, சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. நாமினி பணத்தை வாங்கலாம். ஆனால் அம்மா, மனைவி, மகன் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. மாமியாரும் மருமகளும் எதிரெதிரே நின்ற வழக்கு இது. நாமினி பற்றிய வழக்குகளில் பாதிக்கு மேல் இந்த இருவர்தான் நிற்பார்கள் என்று நீதிமன்ற வளாகத்தில் பழகியவர்கள் சொல்வார்கள்.

பங்குச் சந்தைப் பத்திரங்களிலும் மியூச்சுவல் ஃபண்டிலும் மட்டும் நாமினியே உரிமையாளர் என்ற எண்ணம் சில காலம் உலவியது. மும்பை உயர் நீதிமன்றம் 2010-இல் தந்த ஒரு தீர்ப்பு அதற்குக் காரணம். மராட்டி வீடுகளில் சுவருக்குச் சுவர் தொங்குகிற 'காலநிர்ணய்' நாட்காட்டியை நிறுவிய ஜயந்த் சால்காங்கர் 2013-இல் இறந்தபோது, அவருடைய முதலீடுகளில் நாமினியாக இருந்தவர்களுக்கும் உயிலின்படி உரிமை கேட்டவர்களுக்கும் இடையே வழக்கு வந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 டிசம்பரில் முடிந்தது. அங்கேயும் பதில் அதேதான்: கம்பெனிச் சட்டத்தின் நாமினி ஏற்பாடு மூன்றாவதாக ஒரு வாரிசுமுறையை உண்டாக்கவில்லை. உயில் இருந்தால் உயில், இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டம்.

கும்பகோணத்துக்குத் திரும்புவோம். அந்தக் குடும்பம் இந்துக் குடும்பம் என்றால் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் முதல் நிலை வாரிசுகள் யார் என்று அதில் பட்டியல் இருக்கிறது. மனைவி, மகன், மகள் மூவரையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். எல்லோரும் மறந்துபோகிற நான்காவது ஆள், கூடத்தில் ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கும் இறந்தவரின் அம்மா. அவருக்கும் சம பங்கு. ஆக நான்கு பங்கு, ஆளுக்கு 3 லட்சம். இறந்தவரின் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு எதுவும் வராது, அவர் இரண்டாம் நிலை வாரிசு. அம்மாவை முதல் வரிசையிலும் அப்பாவை இரண்டாம் வரிசையிலும் வைத்திருப்பது இந்தச் சட்டத்தின் விசித்திரங்களில் ஒன்று.

அதே குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் கணக்கே மாறிவிடும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. அதாவது மனைவி, மகன், மகள் மூவருக்கும் 4 லட்சம். பிள்ளைகள் இருப்பதால் அம்மாவுக்கு ஒன்றும் கிடையாது. முஸ்லிம் குடும்பம் என்றால் மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது ஒன்றரை லட்சம். அம்மாவுக்கு ஆறில் ஒன்று, 2 லட்சம். மீதமுள்ள எட்டரை லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. மூன்று குடும்பத்திலும் வங்கி ரசீதில் இருப்பது ஒரே நாமினி, ஒரே 12 லட்சம். அது எப்படிப் பிரியும் என்பது வங்கியின் படிவத்தில் இல்லை.

இந்துக் குடும்பத்தில் அந்தப் பாட்டியின் 3 லட்சத்தைச் சுற்றி இன்னொரு கதை இருக்கிறது. “வயசான காலத்துல ஆத்தாவுக்கு எதுக்குப் பணம்” என்று யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை, ஒரு வருடத்தில் அவரும் போய்ச்சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பங்கு அழிந்துவிடாது. அது பாட்டியின் சொத்தாகி, பாட்டியின் வாரிசுகளுக்குப் போகும். அவருக்கு மயிலாடுதுறையில் ஒரு மகள் இருந்தால், அதாவது இந்தப் பிள்ளைகளின் அத்தை, பாதி அவருக்கு. மறுபாதி முன்னாலேயே இறந்துபோன மகனின் பிள்ளைகளுக்கு, அண்ணனுக்கும் தங்கைக்கும் சேர்த்து. மருமகளுக்கு இதில் பங்கு கிடையாது. நாமினி என்ற ஒற்றைப் பெயரில் தொடங்கிய விஷயத்தில், ஒன்றரை லட்சத்துக்கு உரிமையுள்ளவராக அத்தையும் வந்து சேர்ந்துவிட்டார். வங்கிக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, மகன் தரமாட்டேன் என்கிறான். மகள் என்ன செய்வது? பெரும்பாலும் முதலில் செய்வது, வக்கீலைப் பிடித்து வங்கிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவது. 'எங்களுக்கும் பங்கு இருக்கிறது, நாமினிக்குப் பணம் தரக் கூடாது' என்று பதிவுத் தபாலில் போகும். அதனால் பயன் இல்லை. வைப்பாளரைத் தவிர வேறு யாருடைய உரிமைக் கோரிக்கையையும் வங்கி ஏற்கத் தேவையில்லை, அதற்குக் கட்டுப்படவும் தேவையில்லை என்று 45 இசட்.பி. பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. நீதிமன்றத்தின் உத்தரவோ தீர்ப்போ சான்றோ வந்தால் மட்டும் வங்கி அதைக் கவனத்தில் எடுத்தாக வேண்டும். அதனால் பணம் போவதற்கு முன் நிறுத்த வேண்டுமென்றால், சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு இடைக்காலத் தடை உத்தரவு வாங்கி, அந்த நகலைக் கிளையில் கொடுக்க வேண்டும். பணம் போய்விட்டால் அதன் பிறகு வங்கியோடு பேச ஒன்றுமில்லை. அண்ணனை எதிர்த்துத்தான் வழக்கு. அவன் அதற்குள் அந்தப் பணத்தில் மனை வாங்கியிருந்தால், பங்கு உறுதியானாலும் கைக்கு வர வருடக்கணக்கு ஆகும்.

அவளுக்கு நேரமும் அதிகமில்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறை, தேவையான ஆவணங்கள் எல்லாம் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைத் தந்துவிட வேண்டும் என்கிறது. வங்கியின் தவறால் தாமதமானால் கூடுதல் வட்டியும் தர வேண்டும். நேர்மையான நாமினிக்கு இது நல்ல செய்தி. பங்காளியின் கண்ணிலிருந்து பார்த்தால், தடை வாங்க இருக்கும் அவகாசம் சுருங்கிவிட்டது.

வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை எல்லாம் முடிந்து கையில் வரும் அந்தத் தாள், இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. நாமினியே இல்லாத கணக்கில் அது உதவும். அங்கே வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து விண்ணப்பித்து, பணம் வாங்காதவர்கள் ஆட்சேபமில்லை என்று எழுதித் தந்து, பிணை உறுதிமொழியும் கொடுத்தால், 15 லட்சம் வரை நீதிமன்றத்துக்குப் போகாமலே வங்கி தந்துவிட வேண்டும் என்பது அதே புதிய நெறிமுறை. கூட்டுறவு வங்கிகளில் இந்த வரம்பு 5 லட்சம். நாமினி இருக்கிற கணக்கில் அந்தச் சான்றிதழை நீட்டி வங்கியைத் தடுக்க முடியாது.

ஏ.டி.எம். கார்டு பற்றி ஒரு வார்த்தை. அப்பா இறந்த அன்றே பின் நம்பர் தெரிந்தவன் போய்ப் பணம் எடுத்துவருவது ஊரெங்கும் நடக்கிறது. கார்டைத் தந்தது கணக்குதாரருக்கு மட்டும். நாமினியாக இருந்தாலும் அந்தப் பணத்தை அப்படி எடுக்க உரிமையில்லை. பின்னால் வழக்கு வந்தால் முதலில் காட்டப்படும் ஆதாரம், இறந்த தேதிக்குப் பிந்தைய அந்தப் பதிவுகள்தான்.

ஆயுள் காப்பீட்டில் மட்டும் இந்தக் கோடு கொஞ்சம் மங்கியிருக்கிறது. 2015-இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தியபோது, பாலிசிதாரர் தன் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் இவர்களில் யாரையாவது நாமினியாகப் போட்டால், பணத்தின் பயனும் அவர்களுக்கே என்று எழுதினார்கள். சர்பதி தேவி வழக்கு அத்தோடு காலாவதியாகிவிட்டது என்று பலர் சொன்னார்கள். ஆனால் கர்நாடக உயர் நீதிமன்றம் 2025-இல் வேறு மாதிரிச் சொன்னது: மற்ற வாரிசுகள் பங்கு கேட்காத வரைதான் அந்த நாமினிக்கு முழுப் பயன், கேட்டால் வாரிசுரிமைச் சட்டம் குறுக்கே வரும். இதே கேள்விக்கு வேறு பதில் சொன்ன தீர்ப்பும் இருக்கிறது. ஆகவே பாலிசிப் பணத்தை நம்பி வழக்குப் போடுகிறவர் எந்த மாநிலத்தில் போடுகிறார் என்பதும் ஒரு விஷயமாகிவிட்டது. வங்கிக் கணக்கில் அந்தத் திருத்தத்துக்கு வேலையில்லை.

வங்கிக் கணக்கில் புதிதாக வந்திருப்பது வேறொரு மாற்றம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம். ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகவும் போடலாம். முதல் நாமினி உயிரோடு இல்லாவிட்டால் இரண்டாமவர் என்பது அதன் பொருள். வைப்புக் கணக்கில் நால்வரையும் ஒரே நேரத்தில் போட்டு, ஒவ்வொருவருக்கும் இத்தனை விழுக்காடு என்றும் எழுதலாம். கூட்டினால் 100 வர வேண்டும். லாக்கருக்கு மட்டும் வரிசை முறைதான்.

நல்ல வசதிதான். மகன் பெயரை மட்டும் போட்டதால் வந்த வம்பு, மகள் பெயரையும் மனைவி பெயரையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் வராது. ஆனால் இந்த விழுக்காடு என்னும் கட்டம்தான் கவலை தருகிறது. 'மகன்: 70, மகள்: 30' என்று தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட அப்பா, உயில் எழுதிவிட்ட நிம்மதியோடு வீட்டுக்கு வருவார். மகனும் அப்படித்தான் நினைப்பான். அது உயில் அல்ல. மகன் 70 விழுக்காட்டை வாங்கலாம், மகள் 30-ஐ வாங்கலாம். அதன் பிறகும் மனைவியும் பாட்டியும் ஆளுக்குக் கால் பங்கு கேட்கலாம். மகளும் தன் 30-ஐத் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது, அவள் பங்கு 25-தான். ஒற்றைப் பெயர் இருந்தபோது, இது பணம் வாங்கத்தானோ என்ற சந்தேகமாவது சிலருக்கு இருந்தது. எண் எழுதிவிட்டால் சந்தேகமே வராது. பங்கு போட்டது போலவே இருக்கும்.

போதாததற்கு மொழியும் காலை வாருகிறது. 'நாமினி' என்பதற்கு நியமனதாரர் என்று தமிழ் உண்டு, ஆனால் பேச்சில் அது வருவதில்லை. “வாரிசா யாரைப் போட்டிருக்கீங்க?” என்றுதான் கேட்கிறார்கள், “வாரிசா பையனைப் போட்டிருக்கேன்” என்றுதான் பதிலும் வருகிறது. போட்டு உண்டாக்க முடியாத ஒன்றைப் போட்டுவிட்டதாக அந்த வாக்கியமே நம்ப வைத்துவிடுகிறது.

தன் பணம் இன்னாருக்குத்தான் போக வேண்டும் என்று நினைப்பவர் செய்ய வேண்டியது, ஒரு வெள்ளைத்தாளில் உயில் எழுதுவது. முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. எழுதியவர் கையெழுத்துப் போட வேண்டும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளும் போட வேண்டும். பலன் பெறுகிறவர்களையே சாட்சியாக்காமல் இருப்பது நல்லது. கணக்கு எண்ணையும் வங்கிக் கிளையையும் உயிலில் குறிப்பிட்டு, யாருக்கு எழுதுகிறாரோ அவரையே வங்கியிலும் நாமினியாகப் போட்டுவிட்டால், பணம் வாங்குபவரும் உரிமையாளரும் ஒருவராகவே இருப்பார்கள். இரண்டும் வேறு வேறாக இருந்தால், வங்கி நாமினியிடம் தரும், உயிலில் பெயர் உள்ளவர் நாமினியின் பின்னால் அலைய வேண்டும்.

வங்கிகளுக்கும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாமினிக்குப் பணம் கொடுக்கும்போது, வாரிசுகளின் சார்பில் பொறுப்பாளராகத்தான் அவர் அதைப் பெறுகிறார் என்பதை அவருக்குத் தெளிவுபடுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-லேயே சொல்லிவிட்டது. அது இன்று பணம் கேட்கும் படிவத்தின் சிறிய எழுத்துகளுக்குள் கிடக்கிறது. துக்க வீட்டிலிருந்து வருகிறவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைத் தேடுவாரே தவிர, அதைப் படிக்க மாட்டார். அதுவும் தகவல் போய்ச்சேருவது மகனுக்கு, சொல்லியிருக்க வேண்டியது அப்பாவுக்கு. 'இங்கே பெயர் எழுதுவதால் வாரிசுகளின் பங்கு மாறாது' என்று ஒரு வரி, கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே, படிக்கக்கூடிய அளவு எழுத்தில், தமிழில் அச்சாக வேண்டும். விழுக்காடு கேட்கும் கட்டத்துக்கு நேர் கீழே அதற்கு இடம் இருக்கிறது.